குடும்பத்தாரோடு கம்பெனியின் கொடுக்கல் வாங்கல்: நோட்ஸில் எதை எழுத வேண்டும், ஏன்?

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துபவர்களும் அங்கே கணக்கு எழுதுபவர்களும் மார்ச் முடிந்ததும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். நோட்ஸ் என்பது நிதிநிலை அறிக்கையோடு இணைக்கும் விளக்கக் குறிப்புகள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத, தொடர்புடைய தரப்புகளோடு, அதாவது டைரக்டர், அவர் குடும்பம், அவர்களின் நிறுவனங்களோடு நடக்கும் பரிவர்த்தனைகளை வெளிப்படுத்தச் சொல்லும் ஏ.எஸ். 18 என்ற கணக்கியல் தரம் பொருந்துகிற இந்தியக் கம்பெனிகளுக்கான பதில்கள் இவை. சிறிய கம்பெனி என்பதற்காக ஏ.எஸ். 18-இலிருந்து விலக்கு கிடையாது.

"என் மனைவி பேர்ல இருக்கற குடோனுக்கு வாடகை தர்றோம். பேங்க் வழியாத்தான் போகுது, டிடிஎஸ் பிடிக்கிறோம். ஒளிவு மறைவே இல்லையே, அப்புறம் எதுக்கு நோட்ஸ்ல போடணும்?"

லாப நட்டக் கணக்கைப் படிப்பவருக்கு "வாடகை 7,20,000" என்ற ஒரு வரிதான் தெரியும். அந்தத் தெருவில் அதே அளவு குடோன் மாதம் 45,000 ரூபாய்க்குக் கிடைக்கும்போது நீங்கள் 60,000 கொடுத்தால், வருடத்துக்கு 1,80,000 ரூபாய் லாபம் குடும்பத்துக்குப் போயிருக்கிறது. வாடகையை 30,000 என்று வைத்தால், அதே அளவு லாபம் கூடுதலாகத் தெரியும். இரண்டிலும் எண்கள் சரிதான், வவுச்சரும் இருக்கிறது. ஆனால் வாடகையை முடிவு செய்தவர் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்.

கடன் தரும் வங்கிக்கும், கம்பெனியில் 10 சதவீதம் பங்கு வைத்திருக்கும் ஒருவருக்கும், நாளைக்கு கம்பெனியை வாங்க வருபவருக்கும் இது தெரிய வேண்டும். "உரிமையாளர் வெளியாளாக இருந்தால் இந்த லாபம் எவ்வளவு இருக்கும்?" என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க நோட்ஸ் ஒன்றுதான் வழி. தவறு செய்ததற்கான ஒப்புதல் வாக்குமூலமாக இதை நினைக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு வியாபாரம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, சொல்லிவிட்டுச் செய் என்கிறது.

"சொந்தக்காரங்கன்னா யார் யாரு? பெரியப்பா பையன் வரைக்கும் எழுதணுமா?"

வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 2(77)-உம் அதற்கான விதியும் உறவுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகின்றன: கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்த சகோதரர், சகோதரி. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவுகள் சிலவும் இதில் அடங்கும். இந்துக் கூட்டுக் குடும்பம் இருந்தால் அதன் உறுப்பினர்களும் வருவார்கள். பெரியப்பா மகன் இந்தப் பட்டியலில் இல்லை.

ஆட்களோடு நின்றுவிடாதீர்கள். டைரக்டரோ இந்த உறவினரோ பங்குதாரராக இருக்கும் பார்ட்னர்ஷிப் நிறுவனமும், அவர்கள் டைரக்டராகவோ பங்குதாரராகவோ உள்ள வேறு பிரைவேட் கம்பெனியும் தொடர்புடைய தரப்புதான். நடைமுறையில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். தம்பியின் பெயரை எல்லாரும் எழுதிவிடுவார்கள். தம்பி பார்ட்னராக இருக்கும் சாயப்பட்டறையின் பெயரில் அவர் பெயர் இல்லாததால் அது கண்ணில் படாது.

"அப்போ மாமனார், மச்சான் பட்டியல்ல இல்ல. குடோனை மாமனார் பேருக்கு மாத்திட்டா பிரச்சினை முடிஞ்சுதா?"

மனைவியின் அப்பாவும், மனைவியின் உடன்பிறந்தவர்களும், அக்கா கணவரும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மை. சொத்து நிஜமாகவே மாமனாருடையது, வாடகை அவர் கணக்குக்கே போய் அங்கேயே நிற்கிறது என்றால் எழுதத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டைரக்டர் ஆண் என்றால் அவர் மனைவியின் அப்பா பட்டியலுக்கு வெளியே. அந்த மனைவியும் அதே கம்பெனியில் டைரக்டர் என்றால், அவர் அப்பா ஒரு டைரக்டரின் அப்பா ஆகிவிடுகிறார், பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். கணவன் மனைவி இருவரும் டைரக்டராக இருக்கும் கம்பெனிகளே நம் ஊரில் அதிகம். அங்கே இரண்டு வீட்டு உறவையும் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டு வாடகை மாதாமாதம் மனைவியின் கணக்குக்கே திரும்பி வந்தால், அது மனைவியோடு செய்த பரிவர்த்தனைதான். ஆடிட்டருக்கான எஸ்.ஏ. 550 என்ற தணிக்கைத் தரம், நிர்வாகம் சொல்லாமல் விட்ட தொடர்புகளையும் கவனிக்கச் சொல்கிறது. வருடத்தின் நடுவில் எந்தக் காரணமும் இல்லாமல் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் மாறினால் அவர் கேள்வி கேட்பார்.

"என் மருமகள் சம்பளத்துக்கு ஆடிட்டர் போர்டு தீர்மானம் கேக்கறாரு, ஆனா நோட்ஸ்ல கட்டாயம் இல்லைங்கறாரு. ஏன் இப்படி ரெண்டு விதமா பேசறாரு?"

அவர் சரியாகத்தான் சொல்கிறார். இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 188 அனுமதி பற்றியது: யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஏ.எஸ். 18 வெளிப்படுத்துவது பற்றியது: நோட்ஸில் என்ன வர வேண்டும் என்பதைச் சொல்கிறது. சட்டத்தின் பட்டியலில் மருமகள், மருமகன் உண்டு. ஏ.எஸ். 18-இன் பட்டியலில் கணவன் அல்லது மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி, அப்பா, அம்மா மட்டும்தான்.

பொருளிலும் வேறுபாடு உண்டு. டைரக்டர் கம்பெனிக்குக் கொடுத்த கடன் பிரிவு 188-இன் பட்டியலில் இல்லை. ஏ.எஸ். 18-இல் இருக்கிறது. டைரக்டர் வங்கிக்குக் கொடுத்த சொந்த ஜாமீனும் அப்படித்தான். ஆகவே "188-இல் வரவில்லை" என்பதை வைத்து நோட்ஸிலிருந்து எதையும் எடுத்துவிடக் கூடாது. மருமகளைப் பொறுத்தவரை எங்கள் யோசனை, கட்டாயம் இல்லாவிட்டாலும் எழுதிவிடுவது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கும் பெயர் நோட்ஸில் இல்லையென்றால், படிப்பவர் மறதி என்றுதான் நினைப்பார்.

"நோட்ஸ்ல சரியா என்னென்ன வரணும்? ஒரு மாதிரி காட்டுங்க."

பெயர், உறவு, பரிவர்த்தனையின் தன்மை, வருடத்தின் மொத்தத் தொகை, மார்ச் 31 அன்று நிலுவை, நிலுவையில் வாராக்கடன் ஒதுக்கீடோ தள்ளுபடியோ செய்திருந்தால் அதுவும். பின்னலாடை தைக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முந்தைய வருட விற்றுமுதல் 12 கோடி. செலுத்தப்பட்ட மூலதனம் 50 லட்சம். வங்கிக் கடன் 2 கோடி.

| தரப்பு | தன்மை | வருடத் தொகை (ரூ.) | மார்ச் 31 நிலுவை (ரூ.) |
|---|---|---|---|
| டைரக்டரின் மனைவி | குடோன் வாடகை | 7,20,000 | 54,000 தர வேண்டியது |
| டைரக்டரின் மனைவி | வாடகை முன்பணம் | இல்லை | 5,00,000 வர வேண்டியது |
| டைரக்டரின் தம்பி பார்ட்னராக உள்ள சாயப்பட்டறை | சாயமிடும் ஜாப் ஒர்க் கூலி | 1,40,00,000 | 22,50,000 தர வேண்டியது |
| டைரக்டரின் மகன் | சம்பளம் | 9,00,000 | இல்லை |
| டைரக்டர் | கடன் பெற்றது | 20,00,000 | 42,00,000 தர வேண்டியது |
| டைரக்டர் | கடன் திருப்பியது | 8,00,000 | மேலே உள்ளது |
| டைரக்டர் | வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் | இல்லை | 2,00,00,000 |

இங்கே உறவை மட்டும் எழுதியிருக்கிறோம். உண்மையான நோட்ஸில் பெயரும் வர வேண்டும். டைரக்டரின் சம்பளமும் ஒரு வரியாகச் சேரும். மார்ச் மாத வாடகையில் 6,000 ரூபாய் டிடிஎஸ் போக மீதி 54,000 நிலுவையில் நிற்பதைப் பாருங்கள். முன்பணம் பல வருடங்களுக்கு முன் கொடுத்தது, இந்த வருடம் அசையவே இல்லை. இருந்தாலும் நிலுவை என்ற வகையில் அது வந்தாக வேண்டும். கடனில் ஆரம்ப இருப்பு 30 லட்சம். 20 வந்து, 8 போய், 42 நிற்கிறது. பெற்றதையும் திருப்பியதையும் கழித்து "நிகரம் 12 லட்சம்" என்று எழுதக் கூடாது.

ஒரே வகையான சிறு தொகைகளை "உறவினர்களுக்குச் சம்பளம்" என்று சேர்த்து எழுத இடம் உண்டு. ஆனால் அந்த வகை மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எந்தத் தனித் தொகையையும் சாதாரணமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கூட்டிவிட்டதால் பெரிய தொகை மறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அளவுகோல்.

"தம்பி பட்டறைக்கு மார்க்கெட் ரேட்தான் தர்றோம், ஒரு பைசா அதிகம் இல்ல. அப்புறமும் எழுதணுமா?"

எழுத வேண்டும். நியாயமான விலை என்பது அனுமதியில் மட்டும்தான் உதவும், வெளிப்படுத்துவதிலிருந்து விலக்கு தராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியில் எப்படி உதவும் என்று மேலே உள்ள எண்களிலேயே பார்க்கலாம். சாயக் கூலி 1 கோடியே 40 லட்சம். முந்தைய வருட விற்றுமுதலில் 10 சதவீதம் 1 கோடியே 20 லட்சம். இந்த அளவை எட்டினால் போர்டு தீர்மானம் மட்டும் போதாது, பங்குதாரர்களின் தீர்மானமும் வேண்டும். ஆனால் வழக்கமான வியாபாரப் போக்கில், வெளியாளோடு பேசுவதுபோல் பேசி முடித்த விலையில் நடந்திருந்தால் பிரிவு 188-இன் அனுமதியே தேவையில்லை. துணிக்குச் சாயமிடுவது பின்னலாடைக் கம்பெனியின் அன்றாட வேலை, ஆகவே முதல் நிபந்தனை சரி. இரண்டாவதை நிரூபிக்க வேண்டும்.

மனைவியின் குடோன் இதற்கு நேர் எதிர். வாடகை 7,20,000 என்பது வரம்புக்கு வெகு கீழே. ஆனால் சந்தையைவிட மாதம் 15,000 கூடுதல் என்பதால் வெளியாள் விலை என்று சொல்ல முடியாது. எனவே போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், டைரக்டர்கள் அறிக்கையோடு இணைக்கும் ஏஓசி-2 படிவத்தின் முதல் பகுதியில் காரணத்தோடு காட்டவும் வேண்டும். சிறிய தொகைக்கு அனுமதி தேவைப்பட்டு, பெரிய தொகைக்குத் தேவைப்படாமல் போவது இப்படித்தான்.

"மார்க்கெட் ரேட்னு எப்படி நிரூபிக்கறது? மூணு கொட்டேஷன் வாங்கி வெச்சா போதுமா?"

மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்டபின் வாங்கிய மூன்று கொட்டேஷனுக்கு மதிப்பில்லை. வேலை கொடுக்காத இடத்திலிருந்து எந்த விலையிலும் ஒரு தாள் வாங்கிவிடலாம். அதே வருடத்தில் வெளிப் பட்டறைகளுக்கு நீங்களே பணம் கொடுத்த பில்கள்தான் நல்ல ஆதாரம். அதே மாதம், அதே நிறம், அதே துணி என்று ஒப்பிட்டு மாதத்துக்கு ஒரு ஜோடி பில்லை எடுத்து வையுங்கள். வெளிர் நிறத்தின் கூலியையும் அடர் நிறத்தின் கூலியையும் ஒப்பிட்டால் எதுவும் விளங்காது.

கிலோ ரேட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. வெளிப் பட்டறைக்கு 60 நாளில் பணம் தருகிறீர்கள், தம்பிக்கு 15 நாளில் தருகிறீர்கள் என்றால் அந்த 45 நாள் வட்டி தம்பிக்குக் கொடுத்த சலுகை. சாயமிடும்போது ஏற்படும் எடைக் குறைவை வெளியாருக்கு ஒரு அளவுக்கு மேல் பில்லில் கழிக்கிறீர்கள், தம்பிக்குக் கழிப்பதில்லை என்றால் அதுவும் விலையின் பகுதிதான். ரேட், கடன் நாள், எடைக் குறைவு, மறு சாயத்தின் செலவை யார் ஏற்பது என்ற நான்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உண்மை தெரிந்துவிடும்.

வருமான வரியிலும் இதே தாள் உதவும். நெருங்கியவர்களுக்குக் கொடுத்த தொகையில் நியாயத்துக்கு மேற்பட்ட பகுதியைச் செலவாக ஏற்க மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு; 1961 சட்டத்தில் அது பிரிவு 40ஏ(2). குடோன் வாடகையில் அந்த 1,80,000 மாட்டுவது அங்கேதான்.

"அப்பாவோட இடத்துல சும்மாதான் ஆபீஸ் வெச்சிருக்கோம். பணமே தரல. அப்போ பரிவர்த்தனையே இல்லையே?"

இருக்கிறது. விலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தரப்புகளுக்கு இடையே வளமோ கடப்பாடோ கைமாறினால் பரிவர்த்தனை என்றுதான் ஏ.எஸ். 18 சொல்கிறது. லெட்ஜரில் பதிவே இல்லாததால் இது எளிதாக விட்டுப்போகும். தொகைக்கான இடத்தில் "வாடகையின்றிப் பயன்படுத்தப்படுகிறது" என்று ஒரு வரியும் இடத்தின் பரப்பளவும் எழுதினால் போதும். முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்: அந்த அப்பா நாளைக்கு வாடகை கேட்டால் லாபம் எவ்வளவு குறையும் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும்.

"டைரக்டர் எடுத்த பணத்தை மார்ச் 30-ஆம் தேதி கட்டிட்டாரு. மார்ச் 31-ல பாக்கி பூஜ்யம். இனி எதை எழுதறது?"

வருடத்தில் நடந்த மொத்தத்தை. நிலுவைக் கட்டத்தில் பூஜ்யம் வரும், தொகைக் கட்டத்தில் கொடுத்ததும் திரும்பி வந்ததும் முழுதாக வரும். ஏப்ரல் 2-ஆம் தேதி அதே தொகை மறுபடி வெளியே போயிருந்தால், ஆடிட்டர் ஏப்ரல் மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டில் அதைப் பார்த்துவிடுவார். வருடக் கடைசி மூன்று நாளும் அடுத்த வருட முதல் வாரமும் அவர் வழக்கமாகப் புரட்டும் பக்கங்கள்.

அதற்கு முன் அந்தப் பணத்தைக் கொடுக்கவே முடியுமா என்று பார்க்க வேண்டும். பிரிவு 185 டைரக்டருக்கும் அவர் உறவினருக்கும் கம்பெனி கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. பிரைவேட் கம்பெனிக்கு ஒரு விலக்கு உண்டு: வேறு கம்பெனி எதுவும் பங்கு வைத்திருக்கக் கூடாது, வங்கி போன்றவற்றில் வாங்கிய கடன் செலுத்தப்பட்ட மூலதனத்தின் இரு மடங்குக்கும் 50 கோடிக்கும் எது குறைவோ அதற்குக் கீழே இருக்க வேண்டும், அந்தக் கடனில் தவணை தவறியிருக்கக் கூடாது. நம் கம்பெனியின் மூலதனம் 50 லட்சம், இரு மடங்கு 1 கோடி, வங்கிக் கடனோ 2 கோடி. விலக்கு கிடையாது. மகன் கார் வாங்க 10 லட்சம் கடனாகக் கொடுத்தால், அதை நோட்ஸில் எவ்வளவு அழகாக எழுதினாலும் தவறு தவறுதான்.

"அக்டோபர்ல டைரக்டர் ராஜினாமா பண்ணிட்டாரு. மார்ச்ல அவர் யாரோ, நாங்க யாரோ. அவரை விட்டுடலாமா?"

விட முடியாது. வருடத்தில் எந்தக் கட்டத்திலாவது தொடர்பு இருந்திருந்தால் போதும். ஏப்ரல் முதல் ராஜினாமா தேதி வரை அவரோடும் அவர் குடும்பத்தோடும் நடந்தவை நோட்ஸில் வரும், "அக்டோபர் வரை டைரக்டர்" என்ற குறிப்போடு. அடுத்த வருடத்து நோட்ஸில் ஒப்பீட்டுக்கான முந்தைய வருட எண்களிலும் அவை இருக்கும்.

"நான் கணக்கு எழுதறவன். முதலாளி வீட்டு உறவெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு வாங்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு டைரக்டரும் நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்தில் எம்பிபி-1 படிவத்தில் தமக்கு ஈடுபாடு உள்ள நிறுவனங்களை எழுதித் தர வேண்டும். பல இடங்களில் போன வருடப் படிவத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறார்கள், பிழை அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் படிவத்தோடு உறவினர் பட்டியல் ஒன்றையும் கேளுங்கள்: பெயர், உறவு, பான் எண், அவர்கள் பார்ட்னராகவோ டைரக்டராகவோ உள்ள நிறுவனங்கள்.

பிறகு அந்தப் பான் எண்களையும் நிறுவனங்களின் ஜிஎஸ்டி எண்களையும் சப்ளையர், வாடிக்கையாளர் மாஸ்டரோடு ஒப்பிடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் சாயப்பட்டறை சிக்காது, எண்ணை வைத்துத் தேடினால் சிக்கும். சிக்கிய லெட்ஜர்களின் பெயருக்குப் பின்னால் ஒரே குறியீடு போட்டுவிட்டால் மார்ச்சில் தனியாகத் தேட வேண்டாம். கடைசியாக, டைரக்டர் வீட்டு மின் கட்டணம், சொந்த இன்ஷூரன்ஸ் பிரீமியம், குடும்பத்தின் விமான டிக்கெட் ஆகியவை கம்பெனிச் செலவில் போயிருக்கின்றனவா என்று கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். இவை அலுவலகச் செலவு லெட்ஜரில் கலந்து கிடக்கும்.

"இவ்வளவு நாள் எழுதல, யாரும் கேக்கல. எழுதாட்டி என்னதான் ஆயிரும்?"

2008 டிசம்பரில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ், அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு கம்பெனிகளை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டது. யாருக்குப் போகிறது பணம் என்பது வெளியே தெரிந்ததால்தான் அவர்களால் தடுக்க முடிந்தது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கையே பொய்யாக எழுதியதை ராஜு ஒப்புக்கொண்டார்.

உங்கள் அளவிலான கம்பெனிக்கு முதலில் வருவது ஆடிட்டர் தன் அறிக்கையில் பதியும் ஆட்சேபம். அது வங்கியின் கைக்குப் போகும், கடன் புதுப்பிப்பு தள்ளிப்போகும். கணக்கியல் தரப்படி நிதிநிலை அறிக்கை இல்லையென்றால் பிரிவு 129(7)-இன் கீழ் பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிவு 188-இன் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் செய்த டைரக்டருக்கு, பட்டியலிடப்படாத கம்பெனியில், 5 லட்சம் ரூபாய் தண்டம்.

அனுமதி வாங்க மறந்திருந்தால், ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போர்டோ பங்குதாரர்களோ அதை அங்கீகரித்துவிடலாம். போன வருட நோட்ஸில் விட்டுப்போயிருந்தால் இந்த வருடம் முந்தைய வருட எண்களைத் திருத்திக் காட்டுங்கள், விட்டுப்போனது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எதுவும் சொல்லாமல் புதிதாக ஒரு வரியை நுழைத்தால், இரண்டு வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வங்கி அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார்.